ஓர் இடத்தில் தொடங்கும் பெயர்

பாலின மாற்றம் என்றதும் பலருக்கும் அறுவை சிகிச்சைதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் மருந்தோ மருத்துவமனையோ தேவைப்படாத மாற்றம் ஒன்று உண்டு. பெயர், பிறர் அழைக்கும் விதம், உடை ஆகியவற்றை மாற்றிக்கொண்டு வாழ்வதைச் சமூக மாற்றம் என்கிறார்கள். அதை ஒரே நாளில் ஊரறியச் செய்தாக வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் மூன்று நகரங்களில் 15 முதல் 21 வயது வரையிலான 129 திருநர் இளையோரிடம் நடந்த ஆய்வொன்று 2018இல் வெளியானது. வீடு, பள்ளி, வேலையிடம், நண்பர் வட்டம் ஆகிய நான்கில் எத்தனை இடங்களில் அவர்கள் தாமே தேர்ந்த பெயரால் அழைக்கப்படுகிறார்கள் என்று அது கேட்டது. ஓர் இடம் கூடும்போதெல்லாம் மனச்சோர்வு குறைவாக இருந்தது. தற்கொலை எண்ணமும் 29 விழுக்காடு குறைவாக இருந்தது.

ஆகவே ஓரிடத்தில் தொடங்கலாம். விடுதியில் தங்கிப் படிக்கும் ஒரு திருநங்கையை எண்ணிப் பார்ப்போம். முதலில் நம்பகமான ஒரு தோழியிடம் மட்டும் சொல்கிறார். புதிய பெயர் எது, யார் முன்னால் அதைச் சொல்லலாம், யார் முன்னால் கூடாது என்பதையும் அப்போதே சொல்லிவிடுகிறார். செய்தி வீட்டுக்கு முந்திப் போய்விடும் ஆபத்தை இது குறைக்கும். சில வாரங்கள் அந்தப் பெயர் காதுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கிறார். பொருந்தாவிட்டால் வேறு பெயருக்கு மாறலாம். தமிழில் 'நான்', 'நீ' இரண்டுக்கும் பால் வேறுபாடு இல்லை. நேர்ப்பேச்சில் உறுத்துவது 'வாடா', 'அண்ணா' போன்ற விளிகள்தான். அவை 'வாடி', 'அக்கா' என மாறுவதும், அவர் இல்லாத இடத்திலும் 'வந்தாள்' என்றே பேசுவதும் அடுத்த படி. உடையைக் காதணி, குர்தா என்று சிறிதாகத் தொடங்கலாம். மார்பை இறுக்கிக் கட்டும் திருநம்பிகள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்: மருத்துவக் கட்டுத்துணி வேண்டாம், கட்டியபடி உறங்க வேண்டாம், மூச்சு முட்டினால் உடனே கழற்றிவிட வேண்டும்.

அன்பான குடும்பம் வாய்த்தவர்களுக்குத்தானே பெயரும் எளிதில் கிடைக்கும், பலன் பெயரால் வந்ததா அன்பால் வந்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2018 ஆய்வில் சமூக ஆதரவின் அளவைக் கணக்கில் கொண்ட பிறகும் அந்தத் தொடர்பு நீடித்தது. ஆனாலும் ஒரே சமயத்தில் எடுத்த கணக்கெடுப்பு காரணத்தை முழுதாக நிறுவாது. பெயர் உதவுகிறது என்பதற்கு அது வலுவான குறிப்பு.

குழந்தைகளைப் பற்றிய கவலை இன்னும் கனமானது. பிரிட்டனில் 2024இல் வந்த காஸ் அறிக்கை, சிறுவயதுச் சமூக மாற்றம் விளைவற்ற செயல் அல்ல, அதற்கான சான்றுகளும் வலுவற்றவை என்றது. மறுபுறம், சிறுவயதில் முழுமையாக மாறிய 317 பேரைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில் சராசரியாக ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னும் 94 விழுக்காட்டினர் அதே அடையாளத்தில் நீடித்தனர். மாற்றம் அவர்களை நிலைநிறுத்தியதா, உறுதியாக இருந்தவர்களே மாறினார்களா என்பதை இந்த எண் சொல்லாது. அதனால்தான் படிப்படியாகப் போவது நல்லது என்கிறேன். காஸ் அறிக்கையும் முழு மாற்றத்தைவிடப் பகுதி மாற்றம் வழிகளைத் திறந்து வைக்கும் என்றே கருதியது. ஒவ்வொரு படியிலும் நின்று பார்க்கவும் திரும்பவும் இடம் இருக்க வேண்டும். அடுத்த படி எப்போது என்பதை மாறுகிறவரே முடிவு செய்ய வேண்டும்.