திரும்பிப் போகும் மஞ்சள் கோடு

பிளஸ் டூ இயற்பியல் செய்முறையில் நிறமாலைமானியைத் தொட்டவர்களுக்கு அந்த மஞ்சள் கோடு நினைவிருக்கும். சோடியம் விளக்கின் ஒளி, இணையாக்கியின் மெல்லிய பிளவு வழியே வந்து முப்பட்டகத்தில் விழுகிறது. வளைந்து மறுபக்கம் வெளியேறுவதைத் தொலைநோக்கியில் பார்க்கிறோம். வெள்ளை ஒளியானால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவு வளைந்து பட்டையாக விரிந்துவிடும். அதனால்தான் ஒரே நிறம்.

முப்பட்டக மேடையை மெல்லச் சுழற்றினால் கோடு ஒரு பக்கமாக நகரும். பிறகு தயங்கி நிற்கும். மேடையை அதே திசையில் இன்னும் சுழற்றினாலும் வந்த வழியே திரும்பிப் போகும். அது நிற்கும் இடத்தில்தான் ஒளி மிகக் குறைவாகத் திரும்புகிறது. அந்தக் கோணமே சிறும திசைமாற்றக் கோணம், D.

ஏன் திரும்புகிறது? ஒளியின் பாதையைத் தலைகீழாக்கினாலும் திசைமாற்றம் மாறாது. ஆகவே ஒளி நுழையும் கோணமும் வெளியேறும் கோணமும் வேறாக இருக்கும்வரை, ஒரே திசைமாற்றத்தை இரண்டு படுகோணங்கள் தரும். இரண்டும் ஒன்றாகும் ஒரே இடம் சிறுமம். அங்கே நுழைவும் வெளியேற்றமும் சமம். அதனால் கண்ணாடிக்குள் விலகுகோணம் A/2, வெளியே படுகோணம் (A+D)/2 என்று ஆகிவிடுகிறது. A என்பது முப்பட்டகக் கோணம். படுகோணத்தைத் தனியாக அளக்க வேண்டியதே இல்லை. இந்தச் சோதனையின் அழகே அதுதான்.

n = sin((A+D)/2) / sin(A/2)

A-ஐ அளக்க, முப்பட்டகத்தின் விளிம்பை இணையாக்கிக்கு நேராக வைத்து, இரு முகங்களிலும் எதிரொளிக்கும் கோடுகளைப் பார்க்க வேண்டும். அவற்றுக்கு இடையே 120° இருந்தால் A அதில் பாதி, 60°.

D-க்குக் கோடு நிற்கும் இடத்தில் ஓர் அளவு எடுத்து, முப்பட்டகத்தை அகற்றி, நேரொளிக்கு இன்னோர் அளவு எடுக்க வேண்டும். வெர்னியர் மேடையோடு சேர்ந்து சுழலும் கருவியானால், இந்த இரண்டுக்கும் இடையே மேடையை அசைக்கவே கூடாது. வேறுபாடு 38°40' என்று வைப்போம். (A+D)/2 = 49°20'. அதன் சைன் 0.7585; சைன் 30° = 0.5. வகுத்தால் 1.517. கிரௌன் கண்ணாடி!

சிறுமத்துக்கு அருகே கோடு சோம்பலாக நகர்வதும் நமக்கு லாபம்தான். இந்தக் கண்ணாடியில் படுகோணம் ஒரு பாகை பிசகினாலும் D ஏறத்தாழ ஒரு நிமிடமே கூடும். விடையில் நான்காவது தசம இடம்தான் ஆடும். ஆபத்து வெர்னியரில் இருக்கிறது. முதன்மை அளவுகோலில் அரைப்பாகைக் கோட்டைக் கவனிக்காமல் விட்டால் 30' தவறி, 1.517 என்பது 1.523 ஆகிவிடும். எதிரெதிரே உள்ள இரு வெர்னியர்களின் D மதிப்புகளும் ஏறத்தாழ அரைப்பாகை வேறுபட்டால், சூத்திரத்தைச் சந்தேகிக்காதீர்கள். அளவுகோலை மறுபடி படியுங்கள்.