எழுதப்படாத ஒரு வரி

1988 ஜூலை 6, மாலை 6 மணி. வடகடலில் நின்ற பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஷிப்ட் மாறுகிறது. பகலில், ஒரு பம்பின் மேலே இருந்த பாதுகாப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றியிருந்தார்கள். வேலை முடியவில்லை. குழாயின் வாயை ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடிவிட்டு, அனுமதிச் சீட்டை ‘நிறுத்திவைப்பு’ என்று ஒப்படைத்தார்கள். இரவு ஷிப்டுக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை.

சுமார் 9.45-க்கு மற்றொரு பம்பு நின்றது. இரவுக்காரர்கள் வால்வு கழற்றப்பட்ட பம்பின் சீட்டைத் தேடினார்கள். கிடைத்தது, ஆனால் அது வேறொரு சீட்டு: இன்னும் தொடங்காத பராமரிப்புக்கானது. வால்வின் சீட்டு வேறு அறையில் இருந்தது. இரண்டையும் இணைக்கும் குறிப்பு எதுவும் இல்லை. வால்வு இருந்த இடமோ தரையிலிருந்து கண்ணில் படாத உயரம். பம்பை ஓடவிட்டார்கள், தகட்டு வழியே கசிவு, வெடிப்பு. 167 பேர் இறந்தார்கள். கல்லன் பிரபு தலைமையிலான விசாரணை இதுவே நடந்திருக்கக்கூடியது என்று முடிவுசெய்தது.

வெளியேறும் மேற்பார்வையாளர்கள் பலரும் ‘வேலை பாதியில்’ என்று எழுதுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது வேலையின் நிலை. இரவுக்காரருக்கு வேண்டியது இயந்திரத்தின் நிலை. அன்றைய குறிப்பு இப்படி இருந்திருக்க வேண்டும்: “வால்வு இல்லை. தகடு தற்காலிகம், அழுத்தம் தாங்காது. வால்வு திரும்பப் பொருத்தும்வரை இந்தப் பம்பைத் தொடாதீர்கள். இரு சீட்டுகளும் இதனுடன் சேர்ந்தவை.” இதை வாயாலும் சொல்லி, வருபவரைத் திருப்பிச் சொல்லவைத்த பிறகே கையெழுத்து.