இரண்டு பகுதியிலும் பாஸ், மொத்தத்தில் ஃபெயில்: செமஸ்டர் தேர்வின் பாதுகாப்பான மதிப்பெண் எது?

இன்டர்னலில் 50-க்கு 49, செமஸ்டர் தேர்வில் 50-க்கு 17, மொத்தம் 66 என்று ஒரு மாணவரின் மதிப்பெண் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இன்னொருவர் இன்டர்னலில் 22, தேர்வில் 18, மொத்தம் 40. கர்நாடகத்தின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2022-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட விதிப்படி முதலாமவர் தோல்வி, இரண்டாமவர் தேர்ச்சி. அங்கு ஒரு பாடத்தில் தேற மூன்று நிபந்தனைகள் ஒருசேர நிறைவேற வேண்டும். இன்டர்னலில் 40 விழுக்காடு, அதாவது 20; செமஸ்டர் தேர்வில் 35 விழுக்காடு, அதாவது 18; இரண்டும் சேர்ந்து 100-க்கு 40. மாணவர்கள் முதல் இரண்டை மனதில் வைத்துக்கொள்கிறார்கள், மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். 20-ஐயும் 18-ஐயும் கூட்டினால் 38தான் வருகிறது. இரண்டு பகுதியிலும் குறைந்தபட்சத்தைத் தொட்ட ஒருவர் இரண்டு மதிப்பெண் குறைவால் மொத்தத்தில் தோற்றுப்போகிறார். ‘பாஸ் மார்க் 35’ என்று வகுப்பு முழுக்க ஒரே எண்ணைச் சொல்வதுதான் இந்த இழப்புக்குக் காரணம். உண்மையில் பாஸ் மார்க் என்பது ஆளுக்கு ஆள் வேறு. இன்டர்னல் மதிப்பெண் முடிவான நாளிலேயே அவரவருக்கான எண்ணும் முடிவாகிவிடுகிறது.

அந்த எண்ணைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. 40-இலிருந்து உங்கள் இன்டர்னலைக் கழியுங்கள். வரும் விடையையும் 18-ஐயும் ஒப்பிட்டு, எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்னல் 20 என்றால் தேர்வில் 20 வேண்டும். 21 என்றால் 19. 22 என்றால் 18. அதற்குமேல் இன்டர்னல் 30 ஆனாலும் 45 ஆனாலும் தேவை 18-ஐவிடக் கீழே இறங்காது. ஆனால் வினாத்தாள் 50 மதிப்பெண்ணுக்கு வருவதில்லை. தேர்வு 100-க்கு நடந்து, பிறகு பாதியாகச் சுருக்கப்படுகிறது. ஆகவே 20 என்பது தாளில் 40, 19 என்பது 38, 18 என்பது 36. தாளில் 35 எடுத்தால் பாதி 17.5 வரும்; அது மேல்நோக்கி முழுமையாக்கப்படும் என்ற நம்பிக்கையில் தேர்வுக்குப் போகக்கூடாது. இன்டர்னலில் கிடைக்கும் ஒரு மதிப்பெண் தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்குச் சமம் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. 20-இல் நிற்கும் மாணவர், பதிவேற்றத்துக்கு முன் விடைத்தாளின் கூட்டலை ஒருமுறை சரிபார்த்து, விடுபட்ட இரண்டு மதிப்பெண்ணை மீட்டால் தேர்வுச் சுமையில் நான்கு குறைகிறது. 30-இல் இருப்பவருக்கு அதே இரண்டு மதிப்பெண் கிரேடை உயர்த்தலாம், தேர்ச்சிக்கு உதவாது.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் விதி வேறு வகையில் அமைந்திருக்கிறது. 2021 ஒழுங்குமுறைப்படி, இணைப்புக் கல்லூரிகளின் எழுத்துத் தேர்வுப் பாடங்களில் இன்டர்னலுக்கு 40, செமஸ்டருக்கு 60. இன்டர்னலுக்கெனத் தனிக் குறைந்தபட்சம் கிடையாது. செமஸ்டர் தேர்வில் 45 விழுக்காடும், அதாவது 60-க்கு 27-உம், மொத்தத்தில் 50-உம் வேண்டும். இன்டர்னல் 23-உம் அதற்கு மேலும் உள்ளவருக்கு 27 போதும். 100 மதிப்பெண் தாளில் அது 45. இன்டர்னல் 15 என்றால் 35 தேவை, தாளில் 59. இன்டர்னல் 10 என்றால் 40 தேவை, தாளில் 67. இங்கே இன்டர்னல் வாசலில் யாரையும் தடுத்து நிறுத்துவதில்லை. ஆனால் இன்டர்னல் 10-ஓடு உள்ளே வருபவர் 45 என்ற எண்ணை நம்பினால் 22 மதிப்பெண் தவறிப்போகிறது. கர்நாடக விதியில் அதிகபட்சம் நான்கு மதிப்பெண்ணாக இருந்த அதே பிழை இங்கே ஒரு முழுப் பாடப்பகுதி அளவுக்குப் பெரிதாகிவிடுகிறது.

66 எடுத்தவர் தோற்று 40 எடுத்தவர் தேறுவது எப்படி நியாயம் என்று கேட்கலாம். கேள்வியில் வலு இருக்கிறது. ஆனாலும் தேர்வுக்கான தனிக் குறைந்தபட்சம் சரியென்றே நான் நினைக்கிறேன். இன்டர்னலைப் போடுவது மாணவரின் சொந்தக் கல்லூரி. ஒரு கல்லூரி தாராளமாகவும் இன்னொன்று கறாராகவும் போடும்; ஒரே கல்லூரியில் இரண்டு ஆசிரியர்கள் இரண்டு விதமாகப் போடுவார்கள். எல்லாக் கல்லூரி மாணவரும் ஒரே கேள்விகளுக்கு விடை எழுதுவது செமஸ்டர் தாளில் மட்டுமே. அதில் ஒரு தரைமட்டம் இல்லாவிட்டால், இன்டர்னலில் 40 வழங்கும் கல்லூரியின் மாணவர் வெற்றுத்தாள் கொடுத்தும் தேறிவிடலாம். 49-உம் 17-உம் ஒரே ஆளின் மதிப்பெண் என்றால் இரண்டில் ஏதோ ஒன்று அவருடைய அறிவைத் தவறாக அளந்திருக்கிறது. தவறியது தேர்வுத்தாள் என்றால் மறுமதிப்பீடு கேட்க வழி இருக்கிறது.

இன்டர்னலுக்கான தனிக் குறைந்தபட்சத்தை அதே மனதோடு என்னால் ஏற்க முடியவில்லை. ஆண்டு முழுவதும் வகுப்பும் செய்முறையும் நடக்க அது ஒரு பிடிமானம் என்ற வாதம் உண்மைதான். ஆனால் விஸ்வேஸ்வரய்யா பல்கலைக்கழகத்தில் 20-ஐ எட்டாதவர் அந்தப் பாடத்தின் செமஸ்டர் தேர்வை எழுதவே தகுதி பெறுவதில்லை. தேர்வுத்தாளுக்கு இருப்பதுபோல் வெளியாள் ஒருவரின் மறுபார்வை இல்லாத ஒரு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு அதிகாரம் இருக்கும்போது, திருத்திய விடைத்தாளை மாணவரிடம் காட்டி, மதிப்பெண்ணை முன்கூட்டியே அறிவித்து, முறையிடக் கால அவகாசம் தர வேண்டியது கல்லூரியின் கடமை.

தேவையான எண்ணைக் கணக்கிடச் சொல்வது, விளிம்பில் நின்று படிக்கக் கற்றுக்கொடுப்பதாகும் என்று ஆசிரியர்கள் சிலர் கருதலாம். கணக்குப் போட்டுப் பார்த்தவர் விளிம்பில் நிற்கமாட்டார். ஐந்து மாட்யூல், ஒவ்வொன்றிலும் இரண்டு கேள்விகளில் ஒன்றைத் தேர்ந்து 20 மதிப்பெண்ணுக்கு எழுத வேண்டிய தாளை எடுத்துக்கொள்வோம். தேவை 40 என்றால், இரண்டு மாட்யூலைப் பிழையின்றி எழுதினால் போதும் என்று தோன்றும். 20-க்கு 20 கிடைப்பது அரிது. 12, 13 என்று விழுந்தால் 25-ஓடு நிற்கும். மூன்று மாட்யூலை அதே தரத்தில் எழுதினாலும் 36 முதல் 39 வரைதான். நான்காவதிலிருந்து பத்து மதிப்பெண் சேர்ந்தால்தான் 40-ஐக் கடந்து மூச்சுவிட முடியும். அதனால் தேவையான எண்ணோடு குறைந்தது பத்தைக் கூட்டியே பாதுகாப்பான எண்ணாகக் கொள்ள வேண்டும். ஒரு கணக்கில் இடையில் சறுக்கி அரைக்கேள்வி போனால் இழப்பு அந்த அளவுதான். தேர்வு முடிந்து தன் மதிப்பெண்ணை ஊகிக்கும்போதும், உறுதியாகத் தெரிந்த விடைக்கு முழுமதிப்பெண் போடாமல் முக்கால் போட்டும், சந்தேகமான விடைக்குக் கால் போட்டும் பார்ப்பது நல்லது. ஐந்து பாடங்கள் இருக்கும்போது, எந்தப் பாடத்துக்கு 55 வேண்டும், எதற்கு 69 வேண்டும் என்று தெரிந்தவரால்தான் கடைசி வாரத்தின் நாட்களைச் சரியாகப் பங்கிட முடியும்.

இந்தக் கணக்கை மாணவரின் தலையில் விடாமல் பல்கலைக்கழகமே செய்துகொடுக்கலாம். இன்டர்னல் மதிப்பெண்கள் ஏற்கெனவே அதன் கணினியில் இருக்கின்றன. ஹால் டிக்கெட்டில் பாடத்தின் பெயருக்கு எதிரே ‘தேர்ச்சிக்குத் தாளில் தேவை: 100-க்கு 59’ என்று அச்சிட ஒரு கழித்தலும் ஓர் ஒப்பீடும் போதும். அரியர் எழுதுபவருக்கு இது இன்னும் அவசியம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2017 ஒழுங்குமுறையில் சேர்ந்தவருக்கு இன்டர்னல் 20, செமஸ்டர் 80. அங்கே இன்டர்னல் 15 வைத்திருப்பவருக்குத் தாளில் 45 போதும். 2021 ஒழுங்குமுறையில் சேர்ந்த ஜூனியர் அதே 15-ஐ வைத்துக்கொண்டு பக்கத்து பெஞ்சில் 59-க்காக எழுதுகிறார்.