வாரத்தின் உட்கணங்கள் ஓர் எண்ணுக்குள்

வாரத்தின் ஏழு நாள்களை ஓர் அனைத்துக் கணமாகக் கொண்டால், அதன் உட்கணம் எதையும் ஏழு பிட்டுகளில் எழுதிவிடலாம். முதலில் நாள்களுக்கு ஒரு வரிசை வேண்டும். ஞாயிறு வலது ஓரத்தில், திங்கள் அதற்கு இடப்பக்கம், இப்படியே போய்ச் சனி இடது ஓரத்தில் இருக்கட்டும். ஒரு நாள் உட்கணத்தில் இருந்தால் அதன் இடத்தில் 1, இல்லையென்றால் 0. வரிசை எதுவானாலும் சரி, ஒருமுறை முடிவு செய்தபின் மாற்றக் கூடாது. ஒரே சரத்தை இருவர் இரண்டு வரிசையில் படித்தால் இரண்டு வேறு கணங்கள் வந்துவிடும்.

ஒரு மருத்துவமனையில் கண் மருத்துவர் திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாள்களில் வருகிறார். பல் மருத்துவர் புதன், வியாழன், சனி ஆகிய நாள்களில். முதலாவது கணம் 0101010, இரண்டாவது 1011000. இவற்றை இரும எண்களாகவும் படிக்கலாம். வலமிருந்து இடமாக இடமதிப்புகள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்பதால், கண் மருத்துவரின் நாள்கள் 2 + 8 + 32 = 42; பல் மருத்துவரின் நாள்கள் 8 + 16 + 64 = 88. வெற்றுக் கணம் 0, வாரம் முழுவதும் 127. இடையில் உள்ள ஒவ்வோர் எண்ணும் ஒரே ஓர் உட்கணத்தைக் குறிக்கும். எதுவும் விடுபடாது, இரட்டிக்காது.

யாராவது ஒரு மருத்துவர் இருக்கும் நாள்கள் எவை? இது சேர்ப்புக் கணம். இரண்டு சரங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒன்றிலாவது 1 இருந்தால் 1 எழுத வேண்டும்: 1111010, அதாவது 122. இருவரும் சேர்ந்து வரும் நாள் வெட்டுக் கணம். இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1: 0001000. புதன் மட்டுமே தேறுகிறது. கணினி இதை நாள் நாளாகப் பார்ப்பதில்லை. எல்லா இடங்களையும் ஒரே கட்டளையில் ஒப்பிட்டுவிடுகிறது.

சேர்ப்புக்குப் பதில் வெறும் கூட்டலைப் பயன்படுத்துவது புதிதாகக் கற்பவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. 42 + 88 = 130. புதன் இரண்டிலும் இருப்பதால் 8 + 8 = 16 என்று மிச்சம் அடுத்த இடத்துக்குத் தாவுகிறது; அங்கே வியாழன் ஏற்கெனவே இருப்பதால் மீண்டும் தாவுகிறது; வெள்ளி, சனி வழியாக வாரத்தைத் தாண்டியே நிற்கிறது. 130 என்பது திங்களும் (2), இல்லாத எட்டாவது நாளும் (128). பொது உறுப்பே இல்லாத கணங்களுக்கு மட்டும் கூட்டல் சரியான விடை தரும். சில சோதனைகளில் பிழை தென்படாமல் போவதற்கு அதுதான் காரணம்.

நிரப்புக் கணம் இன்னும் கவனம் கேட்கும். கண் மருத்துவர் வராத நாள்களைக் காண 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டினால் போதும்: 1010101, அதாவது 85. ஆனால் கணினியின் சொல் ஏழு பிட்டுகளோடு நிற்பதில்லை. எட்டு பிட் இடத்தில் புரட்டினால் பயன்படாத இடது பிட்டும் 1 ஆகி, விடை 213 ஆகிவிடும். பைத்தானில் எதிர்ம எண்ணே வரும். நாள்களின் கணத்தோடு வெட்டினால், வெளியே கிடக்கும் பிட்டுகள் நீங்கும்:

```
42 | 88      # 122
42 & 88      # 8
~42          # -43
127 & ~42    # 85
```

127-ஓடு வெட்டாமல் விட்டாலும் பிழை உடனே தெரியாது. 88 & ~42 என்று கேட்டால், பல் மருத்துவர் மட்டும் வரும் நாள்கள் சரியாகவே கிடைக்கும்; 88-இல் வெளிப் பிட்டுகள் இல்லாததால் வெட்டு அவற்றை நீக்கிவிடுகிறது. நாள்களை எண்ணும்போதோ இரண்டு கணங்கள் சமமா என்று பார்க்கும்போதோதான் குட்டு வெளிப்படும். எட்டு பிட்டில், வராத நாள்கள் நான்குக்குப் பதில் ஐந்து என்று வரும்.

அனைத்துக் கணமே கணினிச் சொல்லின் அளவுக்குப் பொருந்திவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. சதுரங்கப் பலகையில் 64 கட்டங்கள். இன்றைய கணினிச் சொல்லில் 64 பிட்டுகள். ஸ்டாக்ஃபிஷ் போன்ற சதுரங்க நிரல்கள் கட்டங்களின் கணங்களை இப்படித்தான் வைத்திருக்கின்றன. காய்கள் நிற்கும் கட்டங்களின் கணத்தைக் குறியில்லா 64 பிட் எண்ணாக வைத்துப் புரட்டினால், காலிக் கட்டங்கள் அப்படியே கிடைக்கும். ஆட்டத் தொடக்கத்தில் b1 கட்டத்தில் உள்ள வெள்ளைக் குதிரை தாவக்கூடிய கட்டங்கள் a3, c3, d2. வெள்ளைக் காய்கள் நிற்கும் கட்டங்களின் நிரப்பியோடு இந்தக் கணத்தை வெட்டினால், சொந்தச் சிப்பாய் நிற்கும் d2 நீங்கி a3, c3 மிஞ்சும்.

உறுப்புகள் 64-ஐத் தாண்டினால் பல சொற்களை வரிசையாக வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இதே செயல்களைச் செய்யலாம். ஆனால் கோடி உறுப்புகளில் பத்து மட்டும் உள்ள ஒரு கணத்துக்காகக் கோடி பிட்டுகளை ஒதுக்குவது வீண். அங்கே அந்தப் பத்தையும் பட்டியலாக எழுதிவைப்பதே மேல்.