“கேக்குதா... நான் பேசறது கேக்குதா?”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி ஆனால் எங்கள் வீட்டில் இந்தச் சத்தம்தான். திருச்சியில் நாங்கள், கும்பகோணத்துப் பக்கம் கிராமத்தில் என் மாமியார். நடுவில் கைபேசி. படம் வந்ததுமே நான் “அத்தை, கேக்குதா?” என்பேன். அதே நொடியில் அவர்களும் “கேக்குதா கண்ணு?” என்பார்கள். இரண்டு பேர் குரலும் மோதிக்கொள்ளும். இரண்டு பேரும் வாயை மூடிக்கொள்வோம். மறுபடி இரண்டு பேரும் ஒரே சமயத்தில் “கேக்குதா?”. என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சிரிப்பார்.

இந்த வேடிக்கைக்குக் காரணம் இருக்கிறது. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து மற்றவர் ஆரம்பிக்க, சராசரியாக ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்தான் ஆகிறதாம். வீடியோவில் நம் குரல் போய்ச் சேரவே சில சமயம் அதற்கு மேல் ஆகிவிடுகிறது. பதில் வரவில்லையே என்று நாம் திரும்பக் கேட்கும்போது, அவர்கள் சொன்ன பதில் வழியில் வந்துகொண்டிருக்கும்! அதனால் ஒரு தடவை கேட்டுவிட்டு, மனசுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு காத்திருப்பேன். கூப்பிட்டவர்தான் முதலில் கேட்க வேண்டும் என்றும் எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம். மோதல் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது.

ஆனால் நான் எழுத வந்தது இந்த வேடிக்கையைப் பற்றி அல்ல. “கேக்குதா?” என்றதற்கு “நல்லா கேக்குதே!” என்று வந்த ஒரு பதிலை நம்பி, போன வருஷம் நாங்கள் பட்ட பாட்டைப் பற்றி.

அத்தைக்கு எழுபத்து நான்கு வயது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். மழைக்காலத்தில் பஸ் ஏறி டவுனுக்குப் போக வேண்டாமே என்று, டாக்டரிடம் வீடியோவிலேயே பேச ஏற்பாடு செய்தோம். பக்கத்து வீட்டுப் பையன் போனைப் போட்டுக் கொடுத்து, பாத்திர அலமாரியில் சாய்த்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டான். டாக்டர், “பாட்டி, கேக்குதா?” என்று கேட்டிருக்கிறார். “நல்லா கேக்குதுங்க” என்று அத்தை தலையாட்டியிருக்கிறார்கள். “பழைய மாத்திரையை நிறுத்திடுங்க, இனிமே இந்தப் புதுசு மட்டும்தான், காலையில ஒண்ணு” என்று அவர் சொல்லியிருக்கிறார். “சரிங்க, சரிங்க” என்று இவர்களும் சொல்லியாகிவிட்டது. சீட்டு போனுக்கு வந்தது. மருந்துக் கடைப் பையன் புது மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை அத்தையின் முகமே சரியில்லை. “எழுந்து நின்னா தலை கிறுகிறுங்குது. அடுப்படிக்குப் போறப்ப சுவரைப் பிடிச்சுக்கிறேன்” என்றார்கள். எனக்குப் பகீர் என்றது. “மாத்திரை டப்பாவை எடுத்து வந்து போன் முன்னாடி காட்டுங்க அத்தை” என்றேன். இரண்டு அட்டைகளைக் காட்டினார்கள். புது அட்டையில் நான்கு மாத்திரை காலி. பழைய அட்டையிலும் நான்கு நாள் கணக்குக்குக் குறைந்திருந்தது. ஆக, பழையதும் புதியதுமாக நான்கு நாளாக இரண்டையும் சேர்த்து விழுங்கியிருக்கிறார்கள்! உடனே டாக்டரைப் பிடித்துச் சொன்னோம். பழையதை நிறுத்தச் சொல்லி, நர்ஸை விட்டு அழுத்தம் பார்க்கச் சொன்னார். ரொம்ப இறங்கித்தான் இருந்தது. இரண்டு மூன்று நாளில் கிறுகிறுப்பு போய்விட்டது. கீழே விழுந்து இடுப்பெலும்பு முறியாமல் தப்பியது தெய்வாதீனம்.

“ஏன் அத்தை, டாக்டர் நிறுத்தச் சொன்னது கேக்கலையா?” என்றால், “சத்தம் கேட்டுதும்மா. பேச்சுதான் பிடிபடலை. அவரு எவ்வளவு பெரிய மனுஷர், மூணாந்தரமும் என்னன்னு கேட்டா கோவிச்சுக்க மாட்டாரா?” என்றார்கள்.

சத்தம் கேட்டது, பேச்சு பிடிபடவில்லை. இதுதான் விஷயமே. பிறகு காது டாக்டரிடம் அழைத்துப் போனபோது அவர் விளக்கினார். வயதானால் முதலில் மங்குவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகள்தானாம். பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிர் எழுத்துக்களின் ஓசை கனமானது, அது போய்ச் சேர்ந்துவிடும். ச, த, க போன்ற மெய்களின் மெல்லிய ஓசைதான் நழுவும். ஒரு வார்த்தையை இன்ன வார்த்தை என்று பிரித்துக் காட்டுவதே அவைதானே! “காலை” என்பதும் “மாலை” என்பதும் முதல் எழுத்தில்தான் வேறு. அந்த ஒரு எழுத்து நழுவினால் காலை மாத்திரை மாலை மாத்திரையாகிவிடும். அதோடு போன் சின்ன ஸ்பீக்கர் வழியாகப் பேசுகிறது, இணையம் மந்தமானால் நடுநடுவே எழுத்தை விழுங்கவும் செய்கிறது. கேட்க வேண்டுமா?

இதனால்தான் நாம் தொண்டை கிழியக் கத்துவதும் உதவுவதில்லை. கத்தினால் “ஆ, ஓ” தான் பெரிசாகிறது. க, ச அப்படியே நிற்கிறது. சாதாரணக் குரலில், கொஞ்சம் நிதானமாக, முகத்தில் வெளிச்சம் விழ உட்கார்ந்து பேசினால் அவர்கள் நம் உதட்டையும் பார்த்துப் புரிந்துகொள்கிறார்கள். நான் முன்பெல்லாம் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவேன். அத்தைக்கு என் முகம் கறுப்பு நிழலாகத்தான் தெரிந்திருக்கும், பாவம்.

இப்போது “கேக்குதா?” என்பதோடு நான் நிறுத்துவதில்லை. அதற்குத் தலையாட்டிவிடலாம். காதில் விழுந்தால் மட்டுமே பதில் சொல்ல முடிகிற கேள்வி ஒன்றை அடுத்துப் போடுவேன். “இன்னிக்கு என்ன குழம்பு அத்தை?” என்பேன். “வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம்” என்று வந்தால் நிம்மதி. “ஆமாம்மா, எல்லாரும் சௌக்கியம்” என்று வந்தால் பிடிபட்டார்கள்! வாரா வாரம் குழம்பையே கேட்டால் கேட்காமலே பதில் சொல்லிவிடுவார்கள். அதனால் ஒரு வாரம் பசுமாட்டை விசாரிப்பேன், ஒரு வாரம் எதிர்வீட்டுக் கல்யாணத்தை.

மருந்து, மணி, பணம் என்று வந்துவிட்டால் இதுவும் போதாது. “நான் சொன்னதை நீங்க ஒருதரம் சொல்லுங்க” என்று திருப்பிச் சொல்ல வைப்பேன். அவர்களுக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றக்கூடாதே என்று, “நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும் அத்தை” என்று பழியை என் மேல் போட்டுக்கொள்வேன். எட்டு, பத்து போன்றவற்றை விரலாலும் காட்டுவேன். டாக்டர் பேசும் நாட்களில் நாங்களும் அதே அழைப்பில் சேர்ந்துகொள்கிறோம். எது நிற்கிறது, எது தொடர்கிறது என்று அத்தை வாயால் சொன்ன பிறகுதான் வைப்பது.

விமானிகள்கூட வெறும் “கேட்கிறது” என்று சொல்வதில்லையாம். கட்டுப்பாட்டு நிலையத்தோடு வானொலியைச் சோதிக்கும்போது ஒன்று முதல் ஐந்து வரை எண் சொல்கிறார்கள். ஒன்று என்றால் ஒன்றும் புரியவில்லை, மூன்று என்றால் சிரமப்பட்டுப் புரிகிறது, ஐந்து என்றால் தெள்ளத்தெளிவு. என் மகன் சொல்லித்தான் தெரியும். அதிலிருந்து “அத்தை, எனக்கு எத்தனை மார்க்?” என்று கேட்கிறேன். “கேக்கலை” என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் “மூணு மார்க்குதான்” என்று தாராளமாகச் சொல்கிறார்கள்!

சரி, காது நன்றாக இருந்தும் குரல் வராமல் போகிறதே, அது? குறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் இரண்டு பக்கமும் போனைத் தட்டிக்கொண்டிருப்போம். பல பேர் சேர்ந்து பேசும்போது கண்டுபிடிப்பது சுலபம். ஒருவர் குரல் மட்டும் யாருக்கும் வரவில்லை என்றால் குறை அவருடைய மைக்கில். எல்லார் குரலும் உங்களுக்கு மட்டும் வரவில்லை என்றால் குறை உங்கள் போனில். இரண்டு பேர்தான் என்றால் இன்னொருவருக்குப் போட்டுப் பாருங்கள்.

மைக்கில் குறை என்றால், திரையில் மைக் படத்தின் மேல் குறுக்குக்கோடு விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கை பட்டு அமுங்கியிருக்கும். அடுத்து போனின் அடிப்பக்கம். சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருக்கும், நம் குரல் பெரும்பாலும் அது வழியாகத்தான் போகிறது. போர்வை மடிப்பில் போனை நிறுத்தினாலும், அடியில் கையை அணைத்துப் பிடித்தாலும் அது மூடிக்கொள்ளும். எங்கள் அத்தை மடித்த துண்டின் மேல் நிறுத்தி வைத்திருந்தார்கள். துண்டை எடுத்ததும் குரல் கணீர் என்று வந்தது.

நமக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்றால் ப்ளூடூத்தைச் சந்தேகியுங்கள். ஒரு நாள் அத்தை வாய் அசைகிறது, சத்தமே இல்லை. ஒலியைக் கூட்டினேன், போனை அணைத்துப் போட்டேன், ஊஹூம். கடைசியில் பார்த்தால் துவைக்கப் போட்ட சட்டைப் பையிலிருந்து அத்தை பேசிக்கொண்டிருக்கிறார்கள்! என் வீட்டுக்காரரின் காது மாட்டி அதற்குள் உயிரோடு இருந்தது.

நம் குரலே நமக்குத் திரும்பி வந்தால் மட்டும், நம் போனைத் தட்டாதீர்கள். எதிர்ப்பக்கத்து ஸ்பீக்கரின் சத்தம் அங்கே உள்ள மைக்கில் ஏறித் திரும்பி வருகிறது. ஒலியைக் குறைக்க வேண்டியவர்கள் அவர்கள்தான். வயர் வைத்த இயர்போன் மாட்டிக்கொண்டால் அந்த எதிரொலியும் இராது, மங்கிய காதுக்கும் பேச்சு கிட்டத்தில் விழும். அத்தைக்கு இப்போது அதுதான். பேச்சு விட்டு விட்டு வந்தால் படத்தை நிறுத்திவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்வோம். படம் தின்கிற இணையத்தில் ஒரு சிறு பங்குதான் குரலுக்கு வேண்டும்.

போன ஞாயிறு பேசிக்கொண்டிருக்கும்போது அடுப்பில் பால் பொங்கியது. ஒரு கண் அதன்மேல் வைத்துக்கொண்டு “ம்... ம்...” கொட்டிக்கொண்டிருந்தேன். அத்தை சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள்.

“கேக்குதா கண்ணு?”

“நல்லா கேக்குது அத்தை.”

“அப்படியா? கன்னுக்குட்டிக்கு என்ன பேர் வச்சிருக்கேன்னு சொன்னேன், சொல்லு பாக்கலாம்!”