ஒப்பந்தம் முடிந்தது, உரையாடல்கள் எங்கே?

ஈரோட்டில் ஒரு சிறிய ஜவுளிக்கடை. ஒரே வாட்ஸ்அப் எண்ணில் ஊழியர்கள் பலர் ஆர்டர் எடுக்க, மாதச் சந்தாவில் ஒரு நிறுவனத்தின் மென்பொருளை வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஏற்பாட்டில் பழைய உரையாடல்கள் பெரும்பாலும் கடையின் போனில் இருக்காது, அந்த நிறுவனத்தின் சர்வரில்தான் இருக்கும். வேறு நிறுவனத்துக்கு மாறும்போது எண் கூடவே வரும்; உரையாடல்கள் தானாக வராது.

"எங்கள் டேட்டாவைக் கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால், வெறும் பெயர்ப் பட்டியல் வந்து சேரலாம். கடிதம் இப்படி இருக்கட்டும்:

"ஐயா, மார்ச் 31-உடன் நம் ஒப்பந்தம் முடிந்தது. எல்லாச் செய்திகளையும் வாடிக்கையாளர் எண், அனுப்பியவர், தேதி, நேரத்தோடு சி.எஸ்.வி. கோப்பாகத் தரவும். படங்கள், குரல் பதிவுகளை இணைப்பாக அல்லாமல் கோப்புகளாகவே தரவும். நாங்கள் சரிபார்த்து எழுதும்வரை எதையும் அழிக்க வேண்டாம். பிறகு அழித்துவிட்டு, எழுத்துபூர்வமாக உறுதி தரவும்."

படங்களைப் பற்றிய வரியை விட்டுவிடவே கூடாது. கணக்கை மூடியதும் இணைப்புகள் திறக்காமல் போகலாம். சேலையில் கறை என்று வாடிக்கையாளர் அனுப்பிய படம் அதோடு போய்விடும்.

கோப்பு வந்ததும், நன்றாக நினைவிருக்கும் ஒரு பழைய ஆர்டரைத் தேடிப் பாருங்கள். நேரம் ஐந்தரை மணி பின்தங்கியிருந்தால் அது சர்வதேச நேரம், பிழையல்ல. எக்செலில் தமிழ் சிதைந்து தெரிந்தால், UTF-8 தேர்ந்து மறுபடி திறந்து பார்த்துவிட்டுப் புகார் எழுதுங்கள்.