தனித்திருக்கும் அத்தைக்குத் தீபாவளிப் பரிசு

கணவரை இழந்த பெண்ணுக்குப் பண்டிகைக் காலத் தனிமை நவராத்திரியிலேயே தொடங்கிவிடுகிறது. கொலு வைக்கும் வீடுகள் பலவற்றில் இன்றும் சுமங்கலிகளை மட்டுமே வெற்றிலை பாக்குக்கு அழைக்கிறார்கள். போன ஆண்டு வாசல்வரை வந்து அழைத்தவர்கள் இந்த ஆண்டு பேசாமல் கடந்து போகிறார்கள். அடுத்து வருவது தீபாவளி. துக்கம் நடந்து ஓராண்டு முடியும்வரை பல குடும்பங்களில் பண்டிகையும் இல்லை, பலகாரம் சுடுவதும் இல்லை. அதனால்தான் உறவினர்கள் பலகாரம் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கமாயிற்று.

நல்ல வழக்கம்தான். ஆனால் தனியாக இருப்பவருக்கு ஒரு கிலோ ஸ்வீட் பாக்ஸ் பாரமே. சர்க்கரை நோய் இருந்தால் அது அப்படியே அண்டை வீட்டுக்குப் போகும். கால் கிலோ வாங்கிப்போய், ஒரு மணி நேரம் உடன் உட்கார்ந்து சாப்பிடுவது மேல்.

புடவை எடுப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். வெளிர் நிறம்தான் கட்டுவார் என்று மற்றவர்களே முடிவு செய்வது ஒரு தவறு. பழைய வழக்கத்தை உடைக்கிறோம் என்று கேட்காமலே சிவப்புப் பட்டு கொண்டுபோவது இன்னொரு தவறு. “என்ன கலர் எடுக்கட்டும் அத்தை?” என்று போனில் கேட்டுவிட்டால் தீர்ந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய பரிசு ரயில் டிக்கெட். கும்பகோணத்தில் தனியே இருக்கும் அத்தையைச் சென்னைக்கு அழைப்பதாக வைத்துக்கொள்ளலாம். “தீபாவளிக்கு வாங்களேன்” என்று கடைசி வாரத்தில் சொல்வது உபசாரப் பேச்சாகவே முடியும், ஏனென்றால் அப்போது டிக்கெட் இருக்காது. முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கிறது. பண்டிகை நாள்களுக்கான இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். ஆகவே ஆவணியிலேயே அத்தையிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். தனியாகப் பயணம் செய்யும் 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. பதிவு செய்யும்போது அந்த ஒதுக்கீட்டைத் தேர்ந்தெடுக்க மறந்தால் மேல் பெர்த் விழவும் கூடும்.

வந்தவரைச் சோபாவில் உட்கார வைத்து டிவி போட்டுக் கொடுத்தால் தனிமை ஊர் மாறியதே தவிரத் தீராது. தீபாவளி லேகியம் கிளறத் தெரிந்தவர் என்றால் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், வெல்லம், நெய் எல்லாம் முன்கூட்டியே வாங்கி வைத்து, பதம் பார்க்கும் பொறுப்பை அவரிடமே விடலாம். தாம்பூலத் தட்டு நீட்டும் இடத்தில் கவனம் தேவை. பூவும் குங்குமமும் எடுத்துக்கொள்வாரா என்பதை முதல் நாளே தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். நாலு பேர் முன்னிலையில் தட்டு ஒரு நொடி தயங்கினாலும் அவர் கண்ணில் பட்டுவிடும்.

திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்தே எடுப்பது நல்லது, பண்டிகை முடிந்து நாலைந்து நாள் கழித்து. அது கையில் இல்லாவிட்டால், எப்போது கிளம்பினால் இவர்களுக்குத் தோது என்ற கணக்கிலேயே அத்தையின் நாள்கள் கழிந்துவிடும்.